நூற்றில் ஆறு பங்கு

சின்னவளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே பெரியவள்தான். அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு வயிறு இன்னும் பற்றி எரியும். உலகத்தில் வேறு பெண்ணே இல்லாததுபோல, தன் மரபணு ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த பெண்ணைக் கொழுந்தனுக்குப் பார்த்து, மாமியாரிடம் நல்ல வார்த்தை நாலு சொல்லி, தானே முன்னால் நின்று கல்யாணத்தையும் முடித்துவைத்தாள். அடக்கமான பெண், அக்கா அக்கா என்று பின்னாலேயே வருவாள், வீட்டிலும் வேலையிலும் தனக்கு ஒரு கை கூடும் என்று கணக்குப் போட்டாள். சொந்தக் காசிலேயே சூனியம் வைத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் அக்கா அக்கா என்றுதான் வந்தது. வந்த வேகத்தில் அக்காவைத் தாண்டியும் போய்விட்டது.

ஆய்வுக்கூடத்தில் பெரியவளுக்கு எலும்பு, சின்னவளுக்குக் கணினி. பல்லாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த எலும்பைச் சுத்தம் செய்து, துளைத்துப் பொடியெடுத்து, அந்தப் பொடியிலிருந்து மரபணுவைப் பிரித்துக் கொடுப்பது பெரியவளின் வேலை. தலைமுதல் கால்வரை மூடிய உடை, முகமூடி, கண்ணாடித் தடுப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை. அந்தச் சுத்த அறைக்குள் போனால் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. இத்தனை பாடுபட்டு அவள் எடுத்துத் தருவதைச் சின்னவள் வெளியில் நாற்காலியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, காப்பி குடித்தபடி கணினியில் ஓட்டுவாள். வண்ண வண்ணமாகப் படம் வரும். பேர் யாருக்கு? படம் போட்டவளுக்கு. எலும்பைத் துளைத்தவளை யார் கேட்டார்கள்?

இதில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. பழைய எலும்புகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்போவதாகக் கூடத்தின் தலைவி அறிவித்திருந்தார். எல்லாரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிவுக்குத் தலைமை உள்ளேயிருந்தே ஒருவர் என்று மேடம் சொன்னபோது, பெரியவள் அந்த நாற்காலியில் மனத்தளவில் உட்கார்ந்தே விட்டாள். அந்தச் சுத்த அறையின் ஒவ்வொரு குழாயும் அவள் நின்று போட்டது. அவளைத் தவிர வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

வேறு யாருக்கு என்பதற்கு விடை அதே வீட்டில், அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மாமியார் ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம வம்சம் கலப்பே இல்லாத வம்சம்னு உங்க மாமா அடிக்கடி சொல்லுவார். நீங்க ரெண்டு பேரும் இதைத்தானே ஆராய்ச்சி பண்றீங்க. அது உண்மைதானே?"

"அதெல்லாம் சும்மா, அத்தை" என்றாள் பெரியவள். "இந்தத் துணைக்கண்டத்துல கலக்காத ஆளே கிடையாது. நீங்களும் கலப்பு, நானும் கலப்பு."

மாமியாரின் முகம் சுண்டிப்போனது. "உன்கிட்ட ஒண்ணு கேட்டா எடுத்தெறிஞ்சுதான் பேசுவே" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார்.

சின்னவள் அந்த டம்ளரை மெதுவாக எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தாள். "இதுதான் ஆப்பிரிக்கான்னு வச்சுக்குங்க, அத்தை. ஏறக்குறைய அறுபதாயிரம் வருஷம் முன்னாடி அங்கேயிருந்து ஒரு சின்னக் கூட்டம் கிளம்புச்சு. அதுக்கு முன்னாடியே கிளம்பினவங்களும் உண்டு, ஆனா அவங்க வழி நம்மகிட்டப் பெருசாத் தங்கல. இந்தக் கூட்டம் கடலோரமா நடந்துச்சா, உள்நாட்டு வழியா வந்துச்சான்னு நாங்க இன்னும் அடிச்சுக்கிறோம். எப்படியோ நம்ம பக்கம் வந்து சேர்ந்து குடியிருந்தாங்க. இந்த வீட்டுக்கு அவங்கதான் முதல் ஆளுங்க."

"அப்ப அவங்கதான் நாம?"

"அவங்களும் நாம. கலப்பில்லாம அவங்க வழி மட்டும் உள்ள ஆள் இன்னைக்கு ஒருத்தர்கூட இல்ல. ஆனா இங்க இருக்கிற எல்லார்கிட்டயும் கூடக்குறைய அவங்க இருக்காங்க. அந்தமான் தீவுல இருக்கிறவங்க அவங்களுக்குத் தூரத்துச் சொந்தம்." அவள் இன்னொரு டம்ளரை நகர்த்தினாள். "ரொம்ப காலம் கழிச்சு இன்னொரு கூட்டம். பழைய ஈரான் ஜனங்களுக்குப் பங்காளி முறை. ரெண்டும் கலந்துச்சு. அப்புறம் ஒரு நாலாயிரம் வருஷத்துக்கு இந்தப் பக்கம், வடக்கே தூரத்துப் புல்வெளியில ஆடு மாடு மேய்ச்சவங்களோட வழி வந்து சேர்ந்துச்சு. கிழக்கே வேற சில கூட்டமும் வந்துச்சு. எல்லாம் மாறி மாறிக் கலந்துச்சு. சிலர்கிட்ட ஒண்ணு கூட, சிலர்கிட்ட இன்னொண்ணு கூட. அப்புறம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வாக்கில, உனக்கு நான் பொண்ணு தரமாட்டேன், உன் பொண்ணு எனக்கு வேணாம்னு அவங்கவங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க. வம்சம் வம்சம்னு நாம பேசுறதெல்லாம் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் நடந்த கதைதான், அத்தை."

மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாரேன், எவ்வளவு அழகாப் புரிய வைக்கிறா!" என்று பெரியவளைப் பார்த்தே சொன்னார்.

பெரியவள் சொன்னதும் அதேதான். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதையே சின்னவள் டம்ளரை நகர்த்திச் சொன்னால் அறிவு, இவள் சொன்னால் திமிர். அன்று சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

இப்படி இருந்த நேரத்தில்தான் அந்த எலும்பின் முடிவு வந்தது.

ஆற்றங்கரை மேடு ஒன்றைத் தோண்டியவர்கள் எடுத்துவைத்திருந்த பெட்டியிலிருந்து வந்த எலும்பு அது. காதுக்குள் சுருண்டிருக்கும் பகுதியைச் சுற்றி மண்டையோட்டில் கெட்டியான எலும்பு ஒன்று உண்டு. உடம்பில் மற்ற எலும்பெல்லாம் உளுத்துப்போனாலும் அதற்குள் மரபணு பத்திரமாக இருக்கும். பார்க்கக் கூழாங்கல் மாதிரி இருப்பதால், தோண்டுகிறவர்கள் கல்லோடு கல்லாகப் போட்டுவிடுவதும் உண்டு. இதையும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். எலும்பிலேயே கரிமக் கணக்குப் பார்த்ததில் வயது நாலாயிரத்து அறுநூறு ஆண்டு. பெண்ணின் எலும்பு. சின்னவள் அதன் மரபணுவை ஓட்டிப் பார்த்தபோது, முதல் குடிகளின் பங்கு இருந்தது, ஈரான் உறவுக்காரர்களின் பங்கு நிறைய இருந்தது. அந்த வயதுக்கு அது சரி. ஆனால் மூன்றாவதாக, புல்வெளிப் பங்கு நூற்றுக்கு ஆறு என்று காட்டியது.

அதுதான் இடி. புல்வெளி மேய்ப்பர்களின் வழி துணைக்கண்டத்துக்குள் வந்தது இன்றைக்கு நாலாயிரம் ஆண்டுக்கு இந்தப் பக்கம் என்பதுதான் இதுவரை கிடைத்த எலும்புகள் எல்லாம் சொன்ன கதை. நாலாயிரத்து அறுநூறு ஆண்டுப் பெண்ணிடம் அது இருக்கவே கூடாது. இருந்தால் அத்தனை புத்தகத்தையும் திருத்த வேண்டும்.

கூடமே சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மேடம் நடைபாதையில் நின்று அவள் தோளில் கை போட்டுப் பேசினார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் பார்த்துவிட்டுக் கட்டுரையை அனுப்பிவிடலாம், புதிய பிரிவின் தலைமையையும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா என்ன?

வீட்டில் கொழுந்தன் பக்கத்து வீடுவரை செய்தியைப் பரப்பிவிட்டான். பெரியவளின் கணவர்கூட, "அவ பெரிய ஆளு ஆயிடுவா போலிருக்கே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பெரியவள் அன்று அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே நெஞ்சுக்குக் கீழே எரிந்தது. நல்லவளாக இருக்கிறாளே என்பதில் எரிச்சல், கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்பதில் எரிச்சல், 'எல்லாம் அக்கா எடுத்துக் குடுத்த எலும்புதான்' என்று போகிற இடமெல்லாம் சொல்கிறாளே, அதில் எல்லாவற்றையும்விட எரிச்சல். ஒருத்தி கொஞ்சம் தலைக்கனமாவது காட்டினால் திட்டவாவது வசதியாக இருக்கும்.

வியாழக்கிழமை சின்னவள் கொழுந்தனோடு பல் மருத்துவரிடம் போயிருந்தாள். பெரியவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். மனத்தில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இந்த ஆறு பங்கு பொய்யாக இருக்க வேண்டும். எங்கோ சின்னவளின் கை பட்டிருக்க வேண்டும், அவள் மூச்சு பட்டிருக்க வேண்டும். பழைய எலும்பில் இன்றைய மனிதரின் மரபணு ஒட்டிக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் பெரிய சாபம். இன்றைக்குத் துணைக்கண்டத்து வழியில் வந்த யாரிடமும் பெரும்பாலும் அந்த மூன்று பங்கும் இருக்கும். ஆக, இன்றைய ஆள் ஒருவரின் மரபணு எச்சம் பட்டாலே போதும், நாலாயிரத்து அறுநூறு ஆண்டுக் கிழவியிடம் புல்வெளி முளைத்துவிடும்.

சின்னவள் இதைச் சோதிக்காமல் இல்லை. தாய்வழி மரபணுவை வைத்துச் சோதித்திருந்தாள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்கும் அந்தச் சின்ன வளையத்தில் இரண்டு ஆட்களின் எழுத்து கலந்திருந்தால் பிடிபட்டுவிடும். பிடிபடவில்லை. கிழவியின் தாய்வழி, ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் வந்தவர்களோடு இங்கே வேர்விட்ட மிகப் பழைய கிளை. வளையம் சுத்தம் என்று வந்தது. ஆண் எலும்பாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு, பெண் எலும்புக்கு அது ஆகாது. அதோடு சின்னவள் விட்டுவிட்டாள்.

பெரியவள் வேறு வழியில் போனாள். எலும்பைத் தொட்டுத் தொட்டுப் பழகியவளுக்குத்தான் அது சட்டென்று தோன்றும். பழைய மரபணு சின்னச் சின்னத் துண்டாக உடைந்திருக்கும், துண்டுகளின் ஓரத்தில் ஓர் எழுத்து கெட்டு இன்னொன்றாகப் படிக்கும். வயதானதற்கு அதுதான் அடையாளம். புது மரபணுவில் அந்தச் சேதம் இருக்காது. அவள் சேதமுள்ள துண்டுகளை மட்டும் தனியே பிரித்து, மறுபடி ஓட்டினாள். ஓடி முடியும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் குடிகள் இருந்தார்கள். ஈரான் உறவுக்காரர்கள் இருந்தார்கள். புல்வெளியைக் காணவில்லை. பூஜ்யம்.

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதமாக அவள் அப்படிச் சிரித்ததில்லை. வெள்ளிக்கிழமை அத்தனை பேர் நடுவில் எழுந்து, 'ஒரு சின்னச் சந்தேகம்' என்று மெல்லத் தொடங்கினால் போதும். மேடத்தின் முகம் எப்படி மாறும், சின்னவளின் முகம் எப்படி மாறும் என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து பார்த்தாள். எச்சம் யாருடையது என்பதையும் கையோடு காட்டிவிட்டால் தீர்ந்தது. கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள், எலும்புப் பெட்டியைக் கையாளும் அலுவலர் எல்லாருடைய மரபணுவும் இதற்கென்றே கணினியில் பதிந்து வைக்கப்பட்டிருந்தது. பேர் இருக்காது, ஆளுக்கு ஒரு எண். யாருக்கு எந்த எண் என்று பெரியவளுக்கு மனப்பாடம்.

முதலில் சின்னவளின் எண்ணைத்தான் போட்டாள். பொருந்தவில்லை.

நம்பிக்கை இல்லாமல் மறுபடி போட்டாள். பொருந்தவே இல்லை. சரி, மேடமாக இருக்கட்டும். இல்லை. எலும்பைத் தோண்டி எடுத்த இடத்தின் அலுவலர், கணினிக்காரர், துப்புரவு செய்கிற அம்மா என்று ஒவ்வொருவராகப் போட்டாள். யாரும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு எண். அதைப் போடுவது வெறும் சடங்கு என்றுதான் அவள் நினைத்தாள். இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவளுக்கு என்ன?

பொருந்தியது. கணினி கொஞ்சமும் தயங்காமல், எலும்பிலிருந்து எடுத்த மரபணுவில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஆளுடையது என்று காட்டியது. அவளிடம் புல்வெளிப் பங்கு நூற்றுக்குப் பதினெட்டு. அதில் மூன்றில் ஒன்று ஆறு. பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி மீதியில்லாமல் வகுபட்டது.

வளையச் சோதனை ஏன் ஏமாந்தது என்பதும் புரிந்தது. பெரியவளின் தாய்வழியும் அந்தக் கிழவியின் தாய்வழியும் ஒரே கிளை. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். மூன்றில் இரண்டு பங்கு கிழவியின் எழுத்து, ஒரு பங்கு இவளுடையது. ஒரு இடத்தில் மட்டும் இருந்த வேறுபாட்டைச் சோதனை பிழை என்று தள்ளிவிட்டிருந்தது. ரெண்டு பேரும் ஒரே அம்மாவின் பிள்ளைகள் மாதிரி அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் எப்படி? அவளுக்கு நினைவுக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. நாக்குதான் முதலில் நினைத்துக்கொண்டது.

தோண்டியவர்கள் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த கிடங்கில் பெட்டியைக் கிளறியபோது, கல் குவியலிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டி, "அக்கா, இது கல் இல்ல, காதெலும்பு" என்று சொன்னவள் சின்னவள். கணினியைத் தவிர எதையும் தொடாதவள், அலுவலர் முன்னால், மேடம் முன்னால், எலும்புக்காரிக்கே எலும்பைக் காட்டித் தருகிறாள். "அது கூழாங்கல். போட்டோல பார்த்துட்டு வந்து எலும்புன்னு சொல்லாதே" என்றாள் பெரியவள். எல்லாரும் அடுத்த அறைக்குப் போனபோது அவள் மட்டும் பின்தங்கினாள். தோண்டும் இடங்களில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. கல்லை நக்கினால் நாக்கில் ஒட்டாது, எலும்பை நக்கினால் ஒட்டும். கல் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். முகமூடியை இறக்கி, உடைந்திருந்த ஓரத்தில் நாக்கை வைத்தாள். ஒட்டிக்கொண்டது. மண் வாடையோடு பலமாகவே ஒட்டிக்கொண்டது.

துடைத்து வைத்துவிட்டு, வெளியே போய், "நல்லா வெளிச்சத்துல பார்த்தேன், காதெலும்புதான், எடுத்து வைங்க" என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னாள். சின்னவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். பிறகு சுத்த அறையில் மருந்து போட்டுக் கழுவி, புற ஊதா விளக்கில் காட்டி, மேல்பரப்பைச் சுரண்டித்தான் துளைத்தாள். போயிருக்கும் என்றுதான் நம்பினாள். உடைந்த ஓரத்திலிருந்து உள்ளே ஒரு விரிசல் ஓடியது அவள் கண்ணில் பட்டிருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பிள்ளைகளுக்கு அவள் முதல் நாள் சொல்வதே, 'எலும்பு பக்கத்துல வாயைத் திறக்காதீங்க' என்பதுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று மாலை முழுவதும் அவளுக்கு இரண்டு யோசனை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். கட்டுரை வெளியே போகும். வேறு நாட்டில் யாராவது ஒருவர் சேதமுள்ள துண்டை மட்டும் பிரித்துப் பார்ப்பார். அப்போது உலகத்துக்கு முன்னால் சின்னவள் மண்ணைக் கவ்வுவாள். நாளைக்கு விழுவதைவிட அது பெரிய வீழ்ச்சி. ஆனால் அதற்குள் தலைமை அவளுக்குப் போயிருக்கும். அல்லது, நாளைக்கே சொல்லலாம், எச்சம் யாருடையது என்பதை மட்டும் சொல்லாமல் விடலாம். கலப்படம், அவ்வளவுதான், கவனிக்காதது சின்னவள் பிழை. இரண்டாவது யோசனைதான் அவளுக்குப் பிடித்தது. சாப்பாட்டு மேஜையில் சின்னவள் வீங்கிய கன்னத்தோடு எதையும் மெல்ல முடியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதும் அவள் மனம் இளகவில்லை. இளகாதது அவளுக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. பெரியவள் தான் ஓட்டியெடுத்த படத்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். சின்னவள் எழுந்துபோய்த் திரைப் பக்கம் நின்றாள். கன்னம் இன்னும் வடியவில்லை.

"ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன்" என்றாள். "அந்த ஆறு பங்கு தப்பு."

திரையில் படம் வந்தது. பெரியவளின் கையில் இருந்த அதே படம். சேதமுள்ள துண்டுகள் மட்டும், புல்வெளி பூஜ்யம்.

"மூணு நாளா மனசை என்னமோ உறுத்திக்கிட்டே இருந்துச்சு, மேடம். நேத்து காலையில ஓட்டிப் பார்த்தேன். கலப்படம்தான். எல்லாரும் கொண்டாடுறப்போ நானும் மயங்கிட்டேன். இதை முன்னாடியே பார்த்திருக்கணும், என் தப்பு. கட்டுரையை அனுப்ப வேணாம். அந்த அம்மாகிட்ட முதல் குடிகளும் ஈரான் சொந்தமும் மட்டும்தான் இருக்கு. அந்தக் காலத்து எலும்புக்கு எது இருக்கணுமோ அதுதான் இருக்கு."

பெரியவள் கவிழ்க்க வந்த வண்டியைச் சின்னவளே இறங்கி நின்று கவிழ்த்துவிட்டாள். அதுவும் இவளுக்கு முன்னால். இவளுக்கு அரை நாள் முன்னால்!

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. "யாரோட கலப்படம்? நம்ம ஆளுங்க எண்ணோட பொருத்திப் பார்த்தியா?"

சின்னவள் ஒரு கணம் தயங்கினாள். பெரியவள் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவ்வளவு ஜாக்கிரதையாகத் திரும்பாமல் இருந்தாள்.

"இல்ல மேடம். அது இன்னும் பார்க்கல. தோண்டுற இடத்துல எத்தனையோ பேர் கை பட்டிருக்கும். கண்டுபிடிக்கிறது கஷ்டம்."

பொய். வளைய எழுத்துவரை பார்க்கிறவள், எண்ணைப் பொருத்திப் பார்க்காமலா இருப்பாள்? பார்த்திருக்கிறாள். தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நேற்றைக்கு எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்காமல். இப்போது பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அக்காவை மறைக்கிறாள். இனி காலம் முழுக்க, ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இவள் காட்டிய இரக்கத்தைச் சுமந்துகொண்டு உட்கார வேண்டும். அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டாள். சொல்லிக்காட்டினாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். அந்த நினைப்பு தாங்க முடியாமல் பெரியவள் எழுந்துவிட்டாள்.

"என்னோடது" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அதுல மூணுல ஒரு பங்கு என்னோடது. பொருத்திப் பார்த்துட்டேன். கிடங்குல அது கல்லா எலும்பான்னு தெரியாம நக்கிப் பார்த்தேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"நக்கினியா? நீயா?"

"நான்தான். அது எலும்புன்னு முதல்ல சொன்னதும் இவதான். நான் கல்லுன்னு சொன்னேன். அப்புறம் நான் கண்டுபிடிச்ச மாதிரி வந்து சொன்னேன்." எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் இவளிடம் கடன் எதுவும் மிச்சமிருக்காது என்று பெரியவளுக்கு ஒரு வெறி வந்திருந்தது. "தாய்வழிச் சோதனையில தெரியாததுக்குக் காரணமும் அதுதான். என் வழியும் அந்தப் பொம்பளை வழியும் ஒண்ணு. ஒரே ஒரு எழுத்துதான் வேற. இவ மேல தப்பு இல்ல."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பேசியது ரத்தினச் சுருக்கம். மறு உத்தரவு வரும்வரை பெரியவள் சுத்த அறைக்குள் போகக் கூடாது. எலும்பின் மறுபக்கத்திலிருந்து புதிதாகப் பொடி எடுக்க வேண்டும், அதை வேறொருவர் செய்வார். புதிய பிரிவின் தலைமை சின்னவளுக்கு. "தன் கண்டுபிடிப்பைத் தானே உடைக்கிற ஆள்தான் அந்த இடத்துக்கு வேணும்" என்றார். யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். சின்னவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அதையும் பெரியவள் பார்த்தாள்.

கூட்டம் கலைந்தபின் உடை மாற்றும் அறையில், பெரியவள் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். சின்னவள் வந்து கதவோரம் நின்றாள். அழுதிருந்தாள்.

"ஏன்க்கா சொன்னீங்க? நான் பார்த்துக்கிட்டிருப்பேனே. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அதுக்குத்தான் சொன்னேன்."

"புரியல."

"நீ எனக்குப் பாவம் பார்க்கிறதைவிட மேடம் திட்டுறது மேல்." பெரியவள் செருப்பை எடுத்துப் பைக்குள் திணித்தாள். "எனக்கு உன்னைக் கண்டா ஆகாது. வந்த நாள்லேருந்தே ஆகல. உனக்குத் தெரியாதா?"

சின்னவள் உண்மையாகவே விழித்தாள். தெரியாது என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இத்தனை வருடம் ஒரு மனுஷி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. பெரியவளுக்கு அதற்கும் கோபம் வந்தது.

அலமாரிக் கதவை அடித்துச் சாத்தினாள். பிறகு பெரியவள் கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"எண்ணைப் பொருத்திப் பார்த்தியே. யாரோடதை முதல்ல போட்டே?"

"என்னோடதைத்தான்" என்றாள் சின்னவள். "நான்தானே அதை முதல்ல கையில எடுத்தேன். என் மேலதான் சந்தேகம். அப்புறம் அந்த அலுவலர், மேடம், எல்லாரும். உங்களோடது கடைசி."

"கடைசியா?"

"நீங்க அப்படிப் பண்ணியிருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. யாருமே பொருந்தலைன்னதும்தான் சும்மா போட்டுப் பார்த்தேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க யாரோடதை முதல்ல போட்டீங்க?"

பெரியவள் பையின் வாரை இழுத்துக் கட்டினாள். ஒரு தடவை கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினாள். என்னுடையதை என்று சொல்லிவிடலாம். யார் பார்த்தார்கள்? இவள் நம்பியும் விடுவாள். இவள் எதைத்தான் நம்பவில்லை?

"உன்னோடதை" என்றாள். "ரெண்டு தடவை போட்டேன்."

சின்னவளின் முகம் மெல்ல மாறியது. அக்கா என்றுகூட அவள் கூப்பிடவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். எந்த முகத்தைப் பார்க்கவென்று இவ்வளவு நாள் காத்திருந்தாளோ அதைப் பெரியவள் கடைசியில் பார்த்துவிட்டாள். அவளுக்கு எதுவும் இனிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு இருவரும் ஒரே பேருந்தில்தான் போக வேண்டும்.